எழுத்துப்பிழை மட்டும் பார்க்கச் சொன்னார்கள்

பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். பையன் என்றால் இப்போது அவனுக்கு நாற்பது வயது. நம் பக்கத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறான். கையில் மூன்றாக மடித்த ஒரு நோட்டீஸ். முழு உடல் பரிசோதனைத் திட்டத்துக்காக அடிக்கப்போகிறார்களாம். "டீச்சர், நாளைக்கு பிரஸ்ஸுக்குப் போகணும். எழுத்துப்பிழை மட்டும் பாத்துக் குடுத்துடுங்க" என்றான்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். பிழை அதிகமில்லை. ஆனால் படித்து முடித்ததும் எனக்குப் படபடவென்று வந்தது. அட்டையில், ஒரு குடும்பப் படத்துக்கு மேலே, கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: "உங்கள் மகளின் திருமணத்தைப் பார்க்க நீங்கள் இருப்பீர்களா?"

ஆறு வகை வினாக்களை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அறி வினா, அறியா வினா, ஐய வினா, கொளல், கொடை, ஏவல். இது எதில் சேரும் என்று அவனைக் கேட்டேன். முழித்தான். "ஏழாவதாக மிரட்டல் வினா என்று ஒன்று புதிதாகச் சேர்த்திருக்கிறீர்கள்" என்றேன். சிரித்தான். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் என் அக்கா.

அக்காவைப் பற்றி எழுத அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். போன வருடம் வேறோர் ஊரில், வேறொரு மருத்துவமனையின் இதே மாதிரி நோட்டீஸ் அவள் கைக்கு வந்தது. சொல்லாமல் வரும் மாரடைப்பு, அமைதியாகக் கொல்லும் சர்க்கரை என்றெல்லாம் படித்துவிட்டு நான்கு நாள் தூங்கவில்லை. ஐந்தாம் நாள் மகனைக்கூட எதிர்பார்க்காமல் தனியாகக் கிளம்பிவிட்டாள். நோட்டீஸில் "வெறும் வயிற்றில் வரவும்" என்று மட்டும் இருந்தது. வெறும் வயிறு என்றால் தண்ணீர்கூடக் கூடாது என்று அவளாக நினைத்துக்கொண்டாள். கந்த சஷ்டி விரதம் இருந்து பழகியவள். ஆனால் சர்க்கரை மாத்திரையை விட்டால் டாக்டர் திட்டுவாரே என்று அதை மட்டும் ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டுக்கொண்டாள். எட்டு மணிக்கு டோக்கன் வாங்கி, ஒன்பதரை மணிக்கு வரிசையில் நிற்கும்போது உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த ஒரு பெண் யோசித்து, சர்க்கரை போட்ட காபியை வாயில் ஊற்றியதால் தப்பினாள். மாத்திரை சர்க்கரையை இறக்கும், வயிற்றிலோ ஒன்றுமில்லை. அவ்வளவுதான் காரணம்.

அவளைப் பயமுறுத்த அந்த நோட்டீஸில் ஒன்றரைப் பக்கம் இடம் இருந்தது. மாத்திரையைப் பற்றிச் சொல்ல ஒரு வரி இடமில்லை. என் கருத்தே இதுதான். பயத்தை எழுதுவது அழகில்லை, அநாகரிகம் என்பதெல்லாம் அப்புறம். பயம் இடத்தை அடைத்துக்கொள்கிறது. வாசிப்பவருக்குத் தேவையான வரி வெளியே நிற்கிறது.

இந்தப் பையன் கொண்டுவந்த நோட்டீஸையும் அந்தக் கண்ணோடு பார்த்தேன். மடித்தால் ஆறு முகம் வரும் தாள். அட்டை ஒன்று, டாக்டர்களின் படங்கள் ஒன்று, "அலட்சியம் ஆபத்து" என்று மூச்சுவாங்கும் முகம் ஒன்று. பரிசோதனைப் பட்டியல் ஒன்று, விலை ஒன்று, வரைபடமும் போன் நம்பரும் ஒன்று. தயாரிப்பு என்று தேடினால், விலைக்குக் கீழே எறும்பு அளவு எழுத்தில் "காலை வெறும் வயிற்றில் வரவும்". அதற்கு மேலே அதைவிட நான்கு மடங்கு பெரிய எழுத்தில் "காலை உணவு இலவசம்!" கண் தெரியாத ஒரு பெரியவர் இரண்டாவதைப் படித்துவிட்டு முதலாவதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அப்படி ஏற்கெனவே ஆகியிருக்கு டீச்சர். சாப்பிட்டுட்டு வந்துட்டு மறுநாள் வரச்சொன்னா சண்டை போடுறாங்க" என்று ஒத்துக்கொண்டான்.

அன்றைக்கு அச்சுக்குப் போகவில்லை. ஒரு வாரம் அவகாசம் வாங்கினான். நானும் அவனும், இரண்டு நாள் மாலையில் அங்குள்ள பொது மருத்துவரும் உட்கார்ந்து அதை மாற்றி எழுதினோம். மருத்துவ விஷயம் எதையும் நான் என் இஷ்டத்துக்கு எழுதவில்லை. நான் கேள்வி கேட்டேன், அவர் பதில் சொன்னார், அந்தப் பதிலை உங்கள் பெரியம்மாவுக்கும் புரிகிற தமிழில் எழுதினேன்.

முதலில் பட்டியல். "66 பரிசோதனைகள்" என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள். அறுபத்தாறு முறை ஊசி குத்துவார்களோ என்று ஒரு வயதானவர் பயப்படலாம், அல்லது அறுபத்தாறு சோதனை இந்த விலைக்கா என்று இன்னொருவர் மயங்கலாம். எண்ணிப் பார்த்தேன். ரத்த அணுக்களின் எண்ணிக்கை என்று ஒரே சோதனை. இயந்திரம் அதிலிருந்து 22 எண்களைத் தருகிறது. சிறுநீர்ச் சோதனையில் 14. கொழுப்பில் 8, கல்லீரலில் 11, சிறுநீரகத்தில் 4, சர்க்கரையில் 4, தைராய்டுக்கு 1. அதோடு இசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே. கூட்டினால் 66 வருகிறது, கணக்கில் பொய் இல்லை. ஆனால் உண்மையில் நடப்பது ஒன்பது சோதனை. ரத்தம் எடுப்பது இரண்டே முறை, சாப்பிடும் முன் ஒன்று, பின் ஒன்று.

இன்னொன்றும் டாக்டர் சொன்னார், எனக்கு அது புதிது. அந்த எண்களில் சில அளக்கப்படுவதே இல்லை, கழித்தல் வகுத்தல் போட்டுக் கிடைப்பவை. கொழுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆய்வகங்களில் மொத்தக் கொலஸ்ட்ரால், நல்ல கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைடு ஆகிய மூன்றைத்தான் அளப்பார்களாம். மொத்தம் 200, நல்லது 45, டிரைகிளிசரைடு 150 என்று வைத்துக்கொள்வோம். 150ஐ ஐந்தால் வகுத்தால் 30, இது விஎல்டிஎல். 200இலிருந்து 45ஐயும் 30ஐயும் கழித்தால் 125, இது கெட்ட கொலஸ்ட்ரால். (டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு சரிவராது, நேராக அளக்க வேண்டும்.) இந்த எண்களை ஒன்றையொன்று வகுத்து விகிதம் என்று இன்னும் மூன்று வரி. மூன்று அளவு இப்படித்தான் எட்டு "பரிசோதனை" ஆகிறது. கணக்குப் போடுவதில் தவறில்லை, டாக்டருக்கு அது உதவும். ஆனால் நான் வகுப்பில் ஒரு கூட்டல் கணக்குக் கொடுத்து, படிக்கு ஒரு மதிப்பெண் போட்டு, பையன் எட்டுக் கணக்குப் போட்டான் என்று பெற்றோரிடம் சொன்னால் என்ன சொல்வீர்கள்?

"பக்கத்து ஆஸ்பத்திரியில 70ன்னு போட்டிருக்காங்க டீச்சர், நாங்க 9ன்னு போட்டா யாரு வருவா?" என்று அவன் கெஞ்சினான். இதில் நான் முழுதாக ஜெயிக்கவில்லை. "9 பரிசோதனைகள், அவற்றிலிருந்து 66 அளவுகள்" என்று முடிவானது. உள்ளே ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எதைப் பார்க்கிறது என்று ஒரே வரி. எச்பிஏ1சி என்று மொட்டையாக விடாமல், "கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி நிலை" என்று எழுதினோம்.

எதைக் காட்டாது என்பதையும் எழுத வேண்டும் என்று அடம்பிடித்தேன். பழைய நோட்டீஸில் இசிஜிக்கு நேரே "மாரடைப்பிலிருந்து பாதுகாப்பு" என்று இருந்தது. படுத்த நிலையில் எடுக்கும் இசிஜி அந்தச் சில விநாடிகளில் இதயத்தின் மின்னோட்டத்தைத்தான் காட்டும். ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தும் இசிஜி நன்றாக இருக்கலாம் என்று டாக்டரே சொன்னார். அப்படியானால் இந்தத் தாளை நம்பி, நெஞ்சுவலியோடு ஒருவர் அடுத்த ஞாயிறு பரிசோதனைக்கு முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தால்? அந்த இடத்தில் இப்போது இப்படி இருக்கிறது: "இசிஜி நன்றாக இருந்தாலும் இதய அடைப்பு இல்லை என்று உறுதி சொல்ல முடியாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கைகால் செயலிழப்பு இருப்பவர்கள் இந்தத் திட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள் அல்லது 108ஐ அழையுங்கள்." பயமுறுத்தும் மூன்று பத்திகளில் இல்லாத எச்சரிக்கை இந்த மூன்று வரியில் இருக்கிறது.

பெரிய திட்டத்தில் "புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டறியும் ரத்தப் பரிசோதனைகள்" என்று இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. டாக்டர் கொஞ்சம் சங்கடப்பட்டார். சிஇஏ, சிஏ 125 போன்றவை பெரும்பாலும் நோய் உள்ளவர்களின் சிகிச்சையைக் கண்காணிக்க உதவுபவை. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிடம் பொதுவாகத் தேடிப்பார்க்கப் பரிந்துரைக்கப்படுவதில்லை, புற்றுநோய் இல்லாமலும் அளவு கூடலாம், இருந்தும் கூடாமல் இருக்கலாம் என்றார். "அப்புறம் ஏன் சார் இதில் இருக்கிறது?" என்றேன். பதில் இல்லை. அடுத்த நாள் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அடுத்து தயாரிப்பு. அலட்சியம் ஆபத்து என்று மூச்சுவாங்கிய அந்த முகத்தைத் துடைத்துவிட்டு முழுவதையும் இதற்குக் கொடுத்தோம். இப்போது இருப்பதை அப்படியே தருகிறேன், வேறெங்கு பரிசோதனைக்குப் போனாலும் என்னென்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியட்டும்:

"முந்தைய இரவு 9 மணிக்குள் சாப்பிட்டு முடியுங்கள். அதன்பிறகு தண்ணீர் மட்டும் குடிக்கலாம், வேண்டிய அளவு குடியுங்கள். காபி, டீ, பால், பழச்சாறு வேண்டாம், சர்க்கரை போடாமலும் வேண்டாம். காலை 7 மணியிலிருந்து 8.30க்குள் வாருங்கள். ரத்த அழுத்த மாத்திரையை வழக்கம்போல் தண்ணீருடன் போடுங்கள். சர்க்கரை மாத்திரையும் காலை இன்சுலினும் வீட்டில் எடுக்காமல் கையோடு கொண்டுவாருங்கள். முதல் ரத்தம் எடுத்தபின், சாப்பிடும் நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். இரவு இன்சுலின் போடுபவர்கள் முன்னதாக உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் வந்தால் வரிசையில் காத்திருக்காமல் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். காலை உணவை நீங்கள் சாப்பிடத் தொடங்கிய நேரத்திலிருந்து 2 மணி நேரத்தில் இரண்டாவது ரத்தம் எடுக்கப்படும். இடையில் வேறெதுவும் சாப்பிட வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்கள், இருக்கலாம் என்று நினைப்பவர்கள் எக்ஸ்ரேவுக்கு முன் சொல்லிவிடுங்கள். எல்லாம் முடிய ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும்."

"சாப்பிடத் தொடங்கிய நேரத்திலிருந்து" என்ற சொற்களுக்கு மட்டும் அரை மணி நேரம் பேசினோம். "சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து" என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். அக்கா மாதிரி நிதானமாக நாற்பது நிமிடம் சாப்பிடுகிறவர், கை கழுவியதிலிருந்து கணக்கு வைத்தால் ரத்தம் எடுப்பது நாற்பது நிமிடம் தள்ளிப்போகும், அளவும் மாறும். இன்னொன்று, நல்ல அளவு வரவேண்டும் என்று அன்றைக்கு மட்டும் ஒரே ஒரு இட்லி சாப்பிடும் ஆட்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள் (யார் என்று சொல்லமாட்டேன், லைக் போடுவார் பாருங்கள்). அதனால் "வழக்கமாகச் சாப்பிடும் அளவு சாப்பிடுங்கள்" என்று கடைசி நிமிடத்தில் ஒரு வரி சேர்த்தோம்.

கடைசியாக விலை. ரூ.7,500 என்று போட்டு அதன் மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் "ரூ.2,999 மட்டுமே*". அந்த 7,500 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. பில் போடும் இடத்திலிருந்து தனித்தனி விலைப்பட்டியலை வாங்கிவரச் சொன்னேன். ரத்த அணுக்கள் 350, சிறுநீர் 150, கொழுப்பு 600, கல்லீரல் 700, சிறுநீரகம் 500, சர்க்கரை மூன்றும் சேர்த்து 660, தைராய்டு 300, இசிஜி 250, எக்ஸ்ரே 400. கூட்டுங்கள். 3,910. அவர்களுடைய பட்டியலின்படியே 911 ரூபாய் மிச்சம். அதுவே நல்ல சலுகைதானே, 4,501 ரூபாய் மிச்சம் என்று ஏன் கதை கட்ட வேண்டும்?

நட்சத்திரக் குறியைத் தேடிப்போனால் அடியில் இரண்டு விஷயம். "மருத்துவர் ஆலோசனை தனி. வரிகள் தனி." ஆலோசனைக்கு 400. ஆக முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் பேச வேண்டும் என்றால் செலவு 3,399. வெறும் எண்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு யாராவது போவார்களா? வரியைப் பற்றிக் கணக்காளரைக் கேட்டால், மருத்துவமனையில் செய்யும் பரிசோதனைக்கு ஜிஎஸ்டியே கிடையாது, யாரோ வேறெங்கிருந்தோ பார்த்து அடித்த வரி அது என்றார். இல்லாத வரிக்கு ஒரு வரி. அதை அடித்தேன். இப்போது விலை முகத்தில் "ரூ.3,399. மருத்துவர் ஆலோசனையும் காலை உணவும் இதில் சேரும். தனித்தனியாகச் செய்தால் ரூ.4,310. மேற்கொண்டு சோதனை தேவைப்பட்டால் அதற்குக் கட்டணம் தனி, உங்களிடம் சொல்லி, நீங்கள் சம்மதித்த பிறகே செய்யப்படும்" என்று ஒரே அளவு எழுத்தில் இருக்கிறது. நட்சத்திரம் இல்லை.

அந்தக் கடைசி வாக்கியம் ஏன் என்றால், 66 எண் வருகிற தாளில் ஏதாவது ஒன்று தடித்த எழுத்தில் வராமல் இருப்பது அபூர்வம். இயல்பான அளவு என்று பக்கத்தில் போட்டிருக்கிறார்களே, அந்த எல்லையைப் பெரும்பாலும் எப்படி வகுப்பார்கள் தெரியுமா? ஆரோக்கியமானவர்களை அளந்து, அவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி வைப்பார்கள். அப்படியென்றால் நன்றாக இருப்பவர்களிலேயே இருபதில் ஒருவர் ஒவ்வொரு சோதனையிலும் கோட்டுக்கு வெளியே நிற்பார். எண்கள் கூடக்கூட, ஏதோ ஒன்றில் நீங்கள் வெளியே நிற்கும் வாய்ப்பும் கூடும். ஏற்கெனவே பயந்துபோய் வந்தவர் அந்தத் தடித்த எழுத்தைப் பார்த்ததும் என்ன சொன்னாலும் சம்மதிப்பார். அக்காவும் சம்மதித்தாள், ஆனால் அந்த ரசீதுகளின் கதை வேறு, அதை எழுத அவள் அனுமதி தரவில்லை.

பையன் ஒரு நியாயமான கேள்வி கேட்டான். "பயப்படாதவங்க வரவே மாட்டாங்க டீச்சர். சர்க்கரை இருக்கறதே தெரியாம எத்தனை பேர் கண்ணு, கிட்னி போனப்புறம் வர்றாங்க தெரியுமா? கொஞ்சம் பயமுறுத்துனாத்தான் என்ன?" அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. என் தெருவிலேயே அப்படி ஒருவர் இருந்தார். ஆனால் அவன் என்னிடம் சொன்னானே, அதை ஏன் நோட்டீஸில் சொல்லவில்லை? "சர்க்கரை நோயும் உயர் ரத்த அழுத்தமும் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். 30 வயதைக் கடந்தவர்கள் இவை இரண்டையும் பார்த்துக்கொள்வது நல்லது." அட்டையில் மகள் திருமணத்தை எடுத்துவிட்டு இதைப் போட்டோம். இதைப் படிக்கிறவருக்கு எதைப் பார்க்க வேண்டும், ஏன் என்று தெரிகிறது. மகள் திருமணத்தைப் படிக்கிறவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும்தான் மிச்சம்.

அந்த இரண்டையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கலாம் என்றும் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். "டீச்சர், நீங்க எங்களை மூடிட்டுத்தான் போவீங்க" என்று கும்பிட்டான். சரி, அது அவர்கள் காசில் அடிக்கும் தாள். அதனால் அந்த வரியை இங்கே எழுதிவிட்டேன், உங்களுக்கு எவரும் தடை போடவில்லை.

போன வாரம் அச்சாகி வந்த பிரதி ஒன்றை வீட்டில் கொடுத்துவிட்டுப் போனான். வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு, மாத்திரை போடலாமா, தண்ணி குடிக்கலாமா என்று கேட்டு வரும் போன்கள் குறைந்திருக்கின்றனவாம். இந்த மாதம் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டேன். முன்னைவிடக் கொஞ்சம் குறைவு என்று நேர்மையாகச் சொன்னான். பொங்கல் மாதம் எப்போதுமே குறைவுதான் என்றும் சொன்னான். எது காரணம் என்று இரண்டு மூன்று மாதம் போனால்தான் தெரியும்.

அவன் போனபின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆற அமரப் படித்தேன். மூன்றாவது முகத்தில் "ரத்த பரிசோதனை" என்று ஒற்று இல்லாமல் அச்சாகியிருக்கிறது. ஐயாயிரம் பிரதி. என்னை அவன் பார்க்கச் சொன்னது அது ஒன்றைத்தான்.